பழைய தாளில் இல்லாத அறை

வீட்டுப் படம் வரைகிறவள் என்று சொன்னால், "கோடு கிழிக்கிறதுதானே" என்று கேட்காத ஆளை ஹட்டனில் நான் இன்னும் பார்க்கவில்லை. முன்பெல்லாம் கோபம் வரும். பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் விடுவேன். இப்போது வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். கோடு கிழிக்கிறதுதான். அப்படிக் கிழித்த கோட்டால்தான் ஒரு மனிதன் கட்டிய அறையை அடியோடு இல்லாமல் ஆக்கினேன்.

எங்கள் அலுவலகம் ஹட்டன் டவுனில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. அதை நடத்துகிற சேரும் நானும் இரண்டே பேர். சேர் அரசாங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சு வார்த்தை, கையெழுத்து, முத்திரை எல்லாம் அவர். அளவெடுப்பது, வரைவது நான். பெரிய கட்டடம் எதுவும் எங்களைத் தேடி வராது. கடையை வீடாக்குவது, வீட்டைக் கடையாக்குவது, தோட்டத் தொழிலாளர் லயத்துக் காம்பராவுக்குச் சமைக்கக் குசினி எடுத்துக் கட்டுவது, இப்படிப் பழசைத் திருத்துகிற வேலைதான் எங்கள் பிழைப்பு.

பழசைத் திருத்துகிற வேலைக்கு மூன்று தாள் வேண்டும். முதல் தாளில், இன்றைக்கு அங்கே என்ன நிற்கிறதோ அது. இரண்டாவதில், அதில் எதை இடிக்கப் போகிறோம் என்பது. மூன்றாவதில், எல்லாம் முடிந்த பிறகு எப்படி இருக்கும் என்பது. நிற்கிற பழைய சுவரை மெல்லிய கோட்டால் போடுவோம். இடிக்கப்போவதை விட்டு விட்டு வரும் புள்ளிக்கோட்டால் போடுவோம். புதுச் சுவரைத் தடித்த கறுப்பால் நிரப்புவோம். கணினியில் இந்த மூன்றையும் தனித்தனியாக வரைவதில்லை. கட்டடத்தை ஒரு தடவைதான் வரைவேன். ஒவ்வொரு சுவருக்கும் கணினி இரண்டு விஷயம் கேட்கும். இது எந்தக் கட்டத்தில் வந்தது, பழசிலா, புது வேலையிலா? எந்தக் கட்டத்தில் இடிபடுகிறது, அல்லது இடிபடவே இல்லையா? இந்த இரண்டுக்கும் பதில் கொடுத்துவிட்டால், எந்தச் சுவர் எந்தத் தாளில் எந்தக் கோட்டில் வர வேண்டும் என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். பொய்யான பதிலைக் கொடுத்தாலும் அப்படியேதான் பார்த்துக்கொள்ளும்.

நான் சொன்ன அறை ஒரு அக்காவின் வீட்டில் இருந்தது. அவர் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசையின் கடைசி வீட்டில் இருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், இன்னும் கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தார். புருஷன் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். மலையில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழும்பவில்லை. ஒரே மகள், வட்டவளையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

வீடு மோசமாக இருந்தது. கூரைத் தகரம் துருப்பிடித்து, மழைக்கு நாலு இடத்தில் சட்டி வைக்க வேண்டும். தரை வெளியே மழைத்தண்ணீர் ஓடுகிற கானை விடப் பள்ளம், பெரிய மழைக்குத் தண்ணீர் நேரே உள்ளே வரும். குசினிப் புகை போக வழியில்லை. கக்கூஸ் தூரத்தில். இதையெல்லாம் திருத்திக்கொடுக்க மகளும் மருமகனும் முன்வந்திருந்தார்கள். அக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து, எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எழும்பும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"பின்னாடி ஒரு ரூம் இருக்குங்க. அத மட்டும் தொடாதீங்க. அது அவரு கட்டுனது."

லயத்து வீடென்றால் முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை, அதற்குப் பின்னால் ஒரு காம்பரா, ஒரு குசினி. அவ்வளவுதான். அந்த ஒரு காம்பராவில்தான் குடும்பம் முழுக்கப் படுக்க வேண்டும். மகள் பெரிய மனுஷியானதும், அவள் உடுப்பு மாற்றவும் படிக்கவும் ஒரு மறைவு வேண்டும் என்று அந்த மனிதர் பின்னால் ஒரு அறையைக் கட்டியிருக்கிறார். அவர் மேசன் இல்லை. வேலை முடிந்து வந்து, பொழுது சாய்வதற்குள் ஒரு வரிசை, இரண்டு வரிசை என்று சீமெந்துக் கல் அடுக்கி, மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதுவதற்குள் கூரை போட்டுவிட்டாராம். யாரிடமும் கேட்கவில்லை. லயத்தில் யார்தான் கேட்டுக் கட்டினார்கள்?

அங்கேதான் வில்லங்கம். லயம் தோட்டத்துக்குச் சொந்தம். எதைத் திருத்தினாலும் தோட்டத்தை நடத்துகிற தொரையின் கையெழுத்து வேண்டும். அதற்காகத் தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். பெரிய கிளாக்கர் பழைய லயப் படத்தை எடுத்து மேசையில் விரித்தார். நல்ல மனிதர், டீ கூட வரவழைத்துக் கொடுத்தார். அந்தப் படத்தில் கடைசி வீட்டுக்குப் பின்னால் எதுவும் இல்லை.

"உங்க பழைய தாளு இந்தப் படத்தோட ஒத்துப்போகணும் மிஸ்" என்றார். "ஒத்துப்போகலன்னா தொரைகிட்ட வைக்க ஏலாது. அங்க ஒரு ரூம் நிக்கிதுன்னு நீங்க போட்டீங்கன்னா, யாரக் கேட்டு கட்டுனாங்கன்னு கேள்வி வரும். ஒடைச்சிட்டு வாங்கன்னுதான் சொல்லுவாங்க. புதுசா ஒரு ரூம் போட அனுமதி கேக்குறதுன்னா அது வேற. அத அவரு குடுப்பாரு."

அவர் சும்மா சட்டத்தைத்தான் சொன்னார். அதில் வழி கண்டுபிடித்த கெட்டிக்காரி நான். திரும்பி வருகிற பஸ்ஸில் யோசனை வந்தது. நிற்கிற அறையைப் பழசு என்று போடாமல், புது வேலை என்று போட்டால்? முதல் தாள் தோட்டத்துப் படத்தோடு ஒத்துப்போகும். மூன்றாம் தாளில் அறை புதுசாக வரும். தொரை புது அறைக்கு அனுமதி கொடுப்பார். அறையோ ஏற்கெனவே நிற்கிறது. இத்தனை வருஷம் திருட்டுத்தனமாக நின்ற அறைக்கு முறையான கடுதாசி கிடைக்கும். சேரிடம் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டே, "ஓ, நீ என்னை விட மோசமான ஆளா இருக்கியே" என்றார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அளவெடுக்கப் போனபோது அக்காவிடமும் இதை விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"புதுசுன்னு போட்டா, அப்ப பழச என்னா செய்வாங்க?"

எங்கள் தொழிலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்ற மனுஷி அதைக் கேட்டார். டிப்ளோமா எடுத்த நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அது பேப்பருக்குத்தான் அக்கா. கையே வைக்க மாட்டாங்க."

அலுவலகத்தில் உட்கார்ந்து வரைந்தபோது, பழக்கதோஷத்தில் பின் அறையையும் பழசு என்றே போட்டுவிட்டேன். பிறகு நாலு சுவரையும் தேர்ந்தெடுத்து, வந்த கட்டத்தைப் புது வேலை என்று மாற்றினேன். முதல் தாளில் இருந்து அறை மறைந்தது. இரண்டாம் தாளிலும் மறைந்தது. மறையத்தானே வேண்டும், இன்னும் வராத ஒன்றை எப்படி இடிப்பது? மூன்றாம் தாளில் மட்டும் தடித்த கறுப்பில் நின்றது. கதவும் ஜன்னலும் வழக்கமான அளவில் போட்டேன். எல்லாத் தாளையும் பார்த்தேன், ஒன்றோடு ஒன்று அழகாகப் பொருந்தியது.

இரண்டாம் தாளின் ஓரத்தில் எப்போதும் சில குறிப்புகள் இருக்கும். ஒவ்வொரு வேலைக்கும் புதிதாக எழுதுவதில்லை, பழைய வேலையில் இருந்து அப்படியே வரும். அதில் ஒன்று, 'புது வேலை வரும் நிலத்தில் இந்தத் தாளில் காட்டப்படாத எது இருந்தாலும் அகற்றித் துப்புரவாக்க வேண்டும்' என்பது. மரத்து வேர், பழைய கான், கோழிக்கூடு இதற்காக எழுதி வைத்தது. நூறு தடவை அந்தக் குறிப்போடு தாள் அச்சடித்திருப்பேன். வாசித்ததில்லை.

தொரை கையெழுத்துப் போட்டார். கட்டுகிற வேலையை எடுத்த மேசன் பாஸ் எங்களுக்குத் தெரிந்தவர். சேர் அவரைக் கூப்பிட்டு வாயால் சொன்னார், பின் அறையைத் தொட வேண்டாம், தகரத்தை மட்டும் மாற்றிப் பூசிவிடு, தாளில் புதுசு என்று இருப்பது சும்மா என்று. பாஸ் தலையாட்டினார். கூரையைப் பிரிக்கப் போவதால் அக்கா சாமான்களைப் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டு வட்டவளைக்கு மகள் வீட்டுக்குப் போனார்.

வேலை தொடங்குகிற வாரம் எனக்கு நுவரெலியாவில் வேறொரு அளவெடுப்பு. தொடங்குகிற அன்று நான் போய்ப் பார்த்திருக்க வேண்டும். பாஸுக்குத்தான் தெரியுமே என்று இருந்துவிட்டேன். அந்தப் பாஸுக்கு இடையில் நுவரெலியாவிலேயே ஒரு ஹோட்டல் வேலை வந்து, இந்த வேலையைத் தன் மச்சானிடம் விட்டுவிட்டுப் போனது எனக்குத் தெரியாது. மச்சானிடம் கொடுத்தது தாள்களை. வாயால் சொன்னது கை மாறவில்லை.

நான் நாலாம் நாள் போனேன். லயத்தைச் சுற்றிப் பின்பக்கம் வந்தால், அறை இல்லை. பெருக்கிவிட்ட மண் தரை. அதில் புது அத்திவாரத்துக்குச் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தது, என் மூன்றாம் தாளில் இருந்த அதே அளவில், அங்குலம் பிசகாமல். பழைய கல்லெல்லாம் உடைந்து கானோரம் கிடந்தது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மச்சான்தான் இப்போது பாஸ். அவர் வேலைக்காரர்களிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் கொடுத்தார். நான் ஏன் உட்கார்ந்தேன் என்று அவருக்கு விளங்கவில்லை.

"அந்த ரூம ஏன் ஒடைச்சீங்க?" என்று கேட்டேன்.

"ஒடைக்கச் சொல்லித்தானே மிஸ் இருக்கு" என்றார். தாள்களை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் குந்தினார். "பாருங்க, இங்க புதுச் சொவரு. புதுச் சொவரு கட்ட எடம் வேணும். இந்தத் தாள்ல அந்த எடத்துல ஒண்ணுமே இல்ல. காட்டாதது எது இருந்தாலும் எடுக்கணும்னு எழுதியும் இருக்கு. எனக்கும் ஒரு யோசனை வந்திச்சு, இவ்வளவு பெரிய ரூம எப்படி விட்டாங்கன்னு. லயத்துல கேக்கலாம்னா எல்லாரும் மலைக்குப் போயிட்டாங்க. மச்சானுக்குப் போன் போட்டேன், எடுக்கல. ஆபீசுல கையெழுத்து வச்ச பேப்பர் மிஸ், நான் எத நம்புறது?"

அவர் மேல் என்ன பிழை? தாளை வாசிக்கத் தெரிந்த மனிதர். நாங்கள்தான் தாளை நம்பாதே என்று ஒருவரிடம் மட்டும் சொல்லி வைத்தவர்கள்.

"ஆனா லேசுல விழல மிஸ்" என்றார். "கல்லுக்குக் கல்லு சீமெந்த அள்ளி வச்சிருக்காங்க. கையே போயிருச்சு. எந்தப் பாஸ் கட்டுனது?"

"பாஸ் இல்ல. கவ்வாத்து வெட்டுறவரு" என்றேன்.

அக்காவிடம் நேரில் போய்ச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. ஹட்டனில் இருந்து வட்டவளை எவ்வளவு தூரம்? ரயிலில் ஏறினால் போய்விடலாம். நான் மகளுக்குப் போன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னதும் அவள் வைத்துவிட்டாள். அடுத்த நாள் காலையில் லயத்துக்கு வரச் சொல்லி அவளிடமிருந்து ஒரு வரி மெசேஜ் வந்தது.

திட்டுவார், அழுவார், கன்னத்தில் ஒன்று வைப்பார் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்கா சுண்ணாம்புக் கோட்டுக்குள் நின்றுகொண்டிருந்தார். மகள் இஸ்தோப்பில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய், "என் பிழைதான் அக்கா" என்றேன். சொல்லும்போதே எவ்வளவு சின்னச் சொல் என்று எனக்கே தெரிந்தது.

"அந்தத் தாளக் காட்டுங்க" என்றார்.

கொடுத்தேன். அவருக்குப் படம் பார்க்கத் தெரியாது. எது எது என்று நான் காட்டினேன். முதல் தாளில் இஸ்தோப்பு, காம்பரா, குசினி. "இதுல அவரு ரூம் எங்க?" என்றார். இதில் இல்லை என்றேன். இரண்டாம் தாளைக் காட்டி, புள்ளிக்கோடு போட்டதெல்லாம் இடிப்பதற்கு என்று சொன்னேன். குசினியின் ஒரு சுவரும் பழைய அடுப்பும் புள்ளிக்கோட்டில் இருந்தன. "ஒடைச்சிட்டாங்களே, அப்ப இதுல இருக்கணுமே" என்றார். இதிலும் இல்லை என்றேன். மூன்றாவதைக் காட்டினேன். அதில் இருப்பது பாஸ் கட்டப்போகிற அறை.

அவர் மூன்று தாளையும் திரும்பவும் ஒழுங்காக அடுக்கினார்.

"பழசுலயும் இல்ல, ஒடைச்சதுலயும் இல்ல. அப்ப அவரு கட்டவே இல்லையா, புள்ள?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழ வேண்டியவர் நிற்கிறார், நான் அழுகிறேன், வெட்கங்கெட்டவள். அவர் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னார்.

"சரி, போனது போச்சு. ஒடைச்சதுன்னாவது ஒரு தாள்ல போட்டுத் தாங்க."

சேர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தத் தாள் கிளாக்கரையா கையில போச்சுன்னா நாமளே பொய் சொன்னம்னு எழுதிக் குடுத்த மாதிரி" என்றார். பொய்தானே சேர் சொன்னோம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், அலுவலகப் பெயரும் முத்திரையும் இல்லாமல் கொடு என்றார்.

சின்ன வேலைதான். அந்த நாலு சுவரையும் அதே இடத்தில் பிரதி எடுத்து, பிரதிக்கு வந்த கட்டம் பழசு, இடிபட்ட கட்டம் புது வேலை என்று கொடுத்தால் போதும். புதுச் சுவரும் அங்கேயே இருக்கும். ஒரே இடத்தில் இரண்டு சுவரா என்று கணினி சண்டைக்கு வராது, இரண்டும் வேறு வேறு காலத்தில் நிற்பவை. உட்கார்ந்து அதைச் செய்தேன். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. அந்த அறைக்கு நான் எடுத்திருந்தது வெளி அளவு மட்டும். எப்படியும் புதுசு என்றுதானே போடப்போகிறோம் என்று உள்ளே போகவே இல்லை. கதவு எந்த மூலையில், ஜன்னல் எவ்வளவு உயரத்தில், சுவர் எத்தனை அங்குலம், ஒன்றும் தெரியாது. அவர் கட்டிய அறைக்குள் நான் ஒரு தடவை கூட நுழைந்ததில்லை.

அதனால் திரும்பவும் போனேன். அதற்குள் புதுச் சுவர் இடுப்பு உயரத்துக்கு எழும்பியிருந்தது. அக்கா அதற்குள் நின்று, கையால் காட்டிக்காட்டிச் சொன்னார். கதவைத் திறந்தால் இங்கே வந்து இடிக்கும். கட்டில் போட்டால் ஒரு ஆள் பக்கவாட்டில்தான் போகலாம். ஜன்னல் அக்காவின் தலைக்கு மேலே, ஏனென்றால் வெளியே நிற்கிற யாருக்கும் மகள் தெரியக்கூடாது. சுவரில் ஒரு கல் அளவுக்குப் புருஷன் குழி விட்டிருந்தாராம், விளக்கு வைக்க. இஸ்தோப்பில் இருந்த மகளும் எழுந்து வந்தாள். "விளக்குக்கு இல்லம்மா, என் புஸ்தகத்துக்கு" என்றாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதைப் பற்றியே பேசினார்கள். நான் அளவு நாடாவை ஒன்றுமில்லாத இடத்தில் பிடித்து, அவர்கள் சொன்ன அளவுகளை எழுதிக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் இரண்டு தாள் அச்சடித்துக் கொண்டுபோனேன். அக்கா கேட்டது ஒன்று. இடிபட்டதைச் சரியாகப் போட்டபோது, முதல் தாளிலும் அறை தானாக வந்து நின்றது, மெல்லிய முழுக்கோட்டில், கதவோடு, ஜன்னலோடு, புத்தகக் குழியோடு. அதையும் அச்சடிக்காமல் இருக்க மனம் வரவில்லை. இரண்டாவதில் அதே அறை புள்ளிக்கோட்டில்.

அக்கா இஸ்தோப்பில் உட்கார்ந்து இரண்டையும் மடியில் வைத்துப் பார்த்தார். எது எது என்று இந்தத் தடவை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முழுக்கோட்டில் இருந்த தாளை நாலாக மடித்து, சேலைக்குள் செருகிக்கொண்டார். புள்ளிக்கோட்டுத் தாளை என் கையில் திருப்பிக் கொடுத்தார். குரலில் கோபம் இல்லை. மீந்துபோன சாமானைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கிற மாதிரித்தான் கொடுத்தார்.

"இது வேணாம் புள்ள. அது அவரு செஞ்சது, நான் வச்சுக்கிறேன். இது நீங்க செஞ்சது. நீங்க வச்சுக்கங்க."